பத்துப் பாய் விரிக்கும் இடம்

ஒரு யோகா ஆசிரியரால் ஒரே நேரத்தில் ஒழுங்காகக் கவனிக்க முடிவது எட்டுப் பேரை, மிஞ்சினால் பத்துப் பேரை. அதற்கு மேல் போனால் அவர் சொல்லிக்கொண்டிருப்பார், எதிரில் இருப்பவர்கள் செய்துகொண்டிருப்பார்கள். யார் எப்படிச் செய்கிறார்கள் என்பது அவர் கண்ணுக்கு எட்டாது. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக உட்கார்ந்து ஆசனம் செய்யும் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. அது விழா. குடியிருப்போர் சங்கக் கட்டடத்திலோ பூங்கா மூலையிலோ காலை ஆறு மணிக்கு நடக்கும் வகுப்பு வேறு வகை. அங்கே காசு கொடுத்து வருகிறவர் ஆசனத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள வருவதில்லை, அதை யூடியூப் இலவசமாகவே சொல்லித்தருகிறது. தன் முதுகைத் தானே பார்க்க முடியாது என்பதால், அதைப் பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும் என்று வருகிறார். ஆகவே இடம், கட்டணம், நேரம் எல்லாவற்றையும் இந்தப் பத்து என்ற எண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் இடம். கடைகளில் விற்கும் யோகா பாய் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இருக்கும். ஆனால் ஒருவருக்கு வேண்டிய இடம் பாயின் அளவு அல்ல. படுத்துக் கைகளைத் தலைக்கு மேல் நீட்டினால் ஏழடி வேண்டும். பக்கவாட்டில் கைகளை விரித்தால் அடுத்தவர் மூக்கில் படாமல் இருக்க நாலரை அடியாவது வேண்டும். சென்னைப் புறநகர் ஒன்றில் குடியிருப்போர் சங்கத்தின் கூடம் 24 அடிக்கு 18 அடி என்று வைத்துக்கொள்வோம். அகலவாக்கில் நான்கு பாய் விரிக்கலாம். ஆசிரியர் நிற்க முன்னால் மூன்றடி விட்டால், நீளவாக்கில் மூன்று வரிசை பிடிக்கும். கணக்குப்படி பன்னிரண்டு பேர். ஆனால் வாசல் பக்கம் செருப்பும் பையும் கிடக்கும். மூலையில் சங்கத்தின் பீரோவோ அடுக்கிய நாற்காலிகளோ இருக்கும். பாய்களுக்கு நடுவே ஆசிரியர் நடந்து போக வழி வேண்டும். எல்லாம் போகப் பத்துதான் மிஞ்சும். கண்ணின் கணக்கும் தரையின் கணக்கும் இங்கே ஒத்துப்போவது தற்செயல் என்றாலும் வசதியான தற்செயல்.

தரை எப்படி இருக்கிறது என்று பகலில் போய்ப் பார்ப்பதைவிட, வகுப்பு நடக்கப்போகும் விடிகாலையில் வெறுங்காலோடு நடந்து பார்ப்பது நல்லது. முந்தைய நாள் இரவு நிச்சயதார்த்தமோ வளைகாப்போ நடந்த கூடத்தில், பெருக்கித் துடைத்த பிறகும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். டைல்ஸ் தரையில் அதன் மேல் பாயைப் போட்டால் பாய் ஆளோடு சேர்ந்து நழுவும். ஜமக்காளத்தை விரித்து அதன் மேல் பாய் போடுவது இன்னும் மோசம். கால்களை அகட்டி நிற்கும் வீரபத்ராசனத்தில் ஜமக்காளமே சுருண்டு போய்விடும். பாய் நாலு முதல் ஆறு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதும். மெத்தென்று இருக்கிறதே என்று பத்து மில்லிமீட்டர் பாய் வாங்கி வருகிறவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது கணுக்கால் ஆடுவதைப் பார்க்கலாம், அது பயிற்சிக் குறையாக இருப்பதைவிடப் பாய்க் குறையாக இருப்பதுதான் அதிகம்.

கூடத்தை வாடகைக்குப் பேசும்போது பலரும் தொகையைப் பேசுகிறார்கள், சாவியைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள். ஆறு மணி வகுப்புக்கு ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். சாவி காவலாளியிடம் இருந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தால், ஒரு வாரத்தில் இரண்டு நாள் வாசலில் நின்றவர்கள் மூன்றாவது நாள் வரமாட்டார்கள். ஆகவே ஒரு சாவி ஆசிரியரிடம் இருக்க வேண்டும் என்பதையும், எந்தெந்தக் கிழமை எத்தனை மணிவரை, மின்சாரம் வாடகைக்குள் அடங்குமா, சங்கத்துக்குக் கூடம் தேவைப்பட்டால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வதே முறை. செயலாளர்கள் தேர்தலில் மாறுவார்கள், வாய்ப்பேச்சும் அவர்களோடு போய்விடும்.

சமுதாய நலக்கூடம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே கல்யாணத்துக்கே முதலிடம். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் முகூர்த்த நாளன்று கூடம் கிடைக்காது. அதற்கு முந்தைய நாள் மாலையும் கிடைக்காது. வகுப்பு நாள்களை அச்சடித்துக் கொடுப்பதற்கு முன் நாள்காட்டியைத் திருப்பி முகூர்த்த நாள்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்குப் பாதித் தலைவலி குறையும். ஆடியிலும் மார்கழியிலும் கூடம் காலியாகவே இருக்கும். ஆனால் மார்கழி விடியற்காலையில் கோலமும் கோயிலும் இருப்பதால் ஆறு மணி வகுப்பில் பெண்கள் குறைந்துவிடுவார்கள். கூடம் கிடைக்கும்போது ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது கூடம் இல்லை என்ற இந்த முரண்பாட்டை ஆண்டுத் தொடக்கத்திலேயே எதிர்பார்த்துவிட்டால், மார்கழிக்கு மட்டும் வகுப்பை ஏழே காலுக்குத் தள்ளிவைக்கலாம்.

பூங்காவுக்கு வாடகை இல்லை என்று நினைப்பது பாதிதான் உண்மை. மாநகராட்சிப் பூங்கா பொது இடம். அங்கே கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துவது வணிகம். எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் நடத்தினால், தினமும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒருவர் புகார் கொடுத்த அன்றோடு வகுப்பு முடிந்துவிடும். அனுமதி கிடைத்தாலும் பூங்காவுக்கு வேறு எல்லைகள் உண்டு. சென்னையில் மே மாதக் கடைசியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. ஜனவரிக் கடைசியில் ஆறரை தாண்டியே வருகிறது. அதே ஆறு மணி வகுப்பு ஒரு பருவத்தில் கண் கூசும் வெயிலிலும் மற்றொரு பருவத்தில் இருட்டிலும் நடக்கும். கிழக்கு நோக்கி மாணவர்களை உட்காரவைப்பது மரபு என்றாலும், ஏழு மணி வெயில் நேராக முகத்தில் அடித்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டே கழுத்தையும் இறுக்குவார்கள். புல்தரையில் பனி ஈரம், எறும்பு, மேடுபள்ளம்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பூங்கா நிற்கும் ஆசனங்களுக்கும் மூட்டுத் தளர்த்தும் பயிற்சிகளுக்கும் ஏற்ற இடம். படுத்துச் செய்வதற்கும் கண்ணை மூடி இருபது நிமிடம் உட்காருவதற்கும் ஏற்றதல்ல. தெருநாய் ஒன்று வந்து முகர்ந்து பார்த்தால் சவாசனம் அங்கேயே கலைந்துவிடும்.

நடன வகுப்பு நடத்துகிறவர்களுக்குத் தரை இன்னும் பெரிய விஷயம். பரதநாட்டியத்தில் தட்டடவு பயிலும் குழந்தை காங்கிரீட்டின் மேல் ஒட்டிய டைல்ஸில் ஒரு மணி நேரம் தட்டினால் குதிகாலும் முன்னங்கால் எலும்பும் வலிக்கும், அந்த அதிர்ச்சியை உள்வாங்க அந்தத் தரையில் எதுவும் இல்லை. பாட்டு வைத்து ஆடவைக்கும் உடற்பயிற்சி வகுப்புக்குச் சத்தம்தான் சிக்கல். மாடிக் குடித்தனக்காரர் ஒரு வாரம் பொறுப்பார். ‘சும்பா’ என்று பலகை எழுதுவதற்கு முன், அது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர், உரிமம் பெற்றவர்களே அந்தப் பெயரில் வகுப்பு நடத்தலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். யோகாவுக்கு அப்படி யாரும் சொந்தக்காரர் இல்லை. சொல்லித்தர அரசு உரிமமும் கட்டாயமில்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றளிப்பு வாரியத்தின் தேர்வை எழுதுவது அவரவர் விருப்பம். யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்ற இந்த நிலையில் மாணவருக்குக் காப்பு, ஆசிரியரின் படிப்பும் பொறுமையும் மட்டுமே.

அடுத்தது பணம். பழைய வழக்கம் மாதக் கட்டணம். அதில் ஆசிரியருக்கு வருமானம் நிச்சயம், ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு வழக்கு வரும். “பத்து நாள் ஊருக்குப் போயிட்டேன் மேடம், பாதி காசு கழிச்சுக்கோங்க” என்று ஒருவர் கேட்பார். கழித்தால் மற்றவர்களும் கேட்பார்கள். கழிக்காவிட்டால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். வருகிற அன்றைக்கு மட்டும் காசு என்று வைத்தால் இந்த வழக்கு தீரும், ஆனால் மழை பெய்த வாரத்தில் வாடகைக்குக்கூட வராது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி அட்டை. பன்னிரண்டு வகுப்புக்கு 1,200 ரூபாய், நாற்பத்தைந்து நாள்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வாரம் மூன்று நாள் வகுப்பு என்றால் நாற்பத்தைந்து நாளில் பத்தொன்பது வகுப்புகள் வரும். ஊருக்குப் போகவும் காய்ச்சலுக்கும் ஏழு வகுப்பு இடைவெளி அதிலேயே அடங்கியிருக்கிறது, பேரத்துக்கு இடமில்லை. கூடம் கிடைக்காத நாள்கள் வந்தால் அட்டைக் காலத்தை அத்தனை நாள் நீட்டிக் கொடுக்க வேண்டும். அது ஆசிரியரின் பக்கத்துக் குறை.

மேலே சொன்ன அந்தக் கூடத்தையே எடுத்துக் கணக்குப் போடலாம். மாதத்துக்குப் பதின்மூன்று வகுப்பு. கூடத்துக்கு வகுப்பு ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் 1,950. பெட்ரோல் 650. தரை துடைக்கிறவருக்கும், கிழிந்த பாய்க்குப் பதில் வாங்குவதற்கும் 400. ஆக 3,000 ரூபாய் செலவு. ஒருவருக்கு ஒரு வகுப்புக்கு நூறு ரூபாய் என்றால், தினம் மூன்று பேர் வந்தால் செலவு போகத் தேநீர்க் காசு மிஞ்சும். எட்டுப் பேர் வந்தால் 10,400 வரும். செலவு போக 7,400. ஒரு மணி நேர வகுப்புக்கு, போய்வருவது, கூட்டுவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஆசிரியரின் இரண்டு மணி நேரம் போகிறது என்பதால் மாதத்துக்கு இருபத்தாறு மணி நேர உழைப்பு, மணிக்கு ஏறத்தாழ 285 ரூபாய். கௌரவமான தொகைதான், ஆனால் குடும்பம் நடத்தும் தொகை அல்ல. இப்படிப்பட்ட ஒரு வகுப்பு வேறு வருமானத்துக்குப் பக்கத்தில் நிற்கும் துணை வருமானமாகவே இருக்க முடியும். ஆண்டுக்கு இருபது லட்ச ரூபாய்க்குள் வரவு இருக்கும்வரை சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, இந்த அளவு வகுப்பு அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது.

வருமானம் போதவில்லை என்றதும் முதலில் தோன்றுவது, பத்தைப் பதினைந்தாக்குவது. அங்கேதான் வகுப்பு கெடத் தொடங்கும். அதற்குக் காரணம் வகுப்புக்குள் நடப்பதைப் பார்த்தால் விளங்கும்.

புதிதாக வருகிறவரிடம் பாயை விரிக்கச் சொல்வதற்கு முன் பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். கனடாவில் உருவாகி உலகெங்கும் பரவிய ‘பார்-கியூ’ என்ற ஏழு கேள்விப் படிவம் இதற்கென்றே இருக்கிறது: இதய நோய் உண்டா, நெஞ்சு வலி வருமா, மயக்கம் வந்ததுண்டா, எலும்பு மூட்டுத் தொல்லை உண்டா என்ற வகைக் கேள்விகள். நம் ஊர் வகுப்புக்கு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண் நீர் அழுத்த நோய் இருக்கிறவர் தலையைக் கீழே கவிழ்க்கும் எந்த ஆசனத்தையும் செய்யக் கூடாது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கும் கர்ப்பிணிக்கும் கபாலபாதி வேண்டாம். குடலிறக்கம் உள்ளவர் வயிற்றை இறுக்கும் ஆசனங்களை விட வேண்டும். எலும்பு தேய்ந்துபோன முதியவரை முதுகை வளைத்துக் குனியச் சொல்லக் கூடாது. “எதுவும் பிரச்சினை இல்லை சார்” என்பதே பெரும்பாலோர் முதல் பதில். “என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்டால்தான் மூன்று நோய்கள் வெளியே வரும்.

இப்போது அந்தக் கூடத்தில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். முழங்கால் தேய்ந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். நாளெல்லாம் கணினி முன் உட்கார்ந்து கழுத்து முன்னால் நீண்டுபோன இளைஞர் ஒருவர். பிரசவமாகி ஓராண்டான பெண் ஒருவர். முன்பு எங்கோ படித்து எல்லா ஆசனமும் தெரிந்தவர் ஒருவர். மற்றவர்கள் இடையில் எங்கோ. நின்றபடி குனியும் உத்தானாசனத்தை ஆசிரியர் முதலில் முழுமையாகச் செய்து காட்டினால் என்ன ஆகும்? எட்டுப் பேரும் அந்த வடிவத்தை எட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். எட்டாதவர் வெட்கத்தில் முழங்காலைப் பின்னால் பூட்டி, முதுகைக் கூனாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைத் தரைக்குத் தள்ளுவார். எல்லாம் தெரிந்தவர் பக்கத்துப் பாயைப் பார்த்துக்கொண்டே இன்னும் அரை அங்குலம் கீழே போவார்.

இதற்கு மாற்று, வரிசையைத் தலைகீழாக்குவது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து பாதி குனிவது முதல் வடிவம். எல்லோரும் அதைச் செய்வார்கள், எல்லோருக்கும் முடியும். அங்கே இரண்டு மூச்சு. பிறகு, முழங்காலைச் சற்றே மடக்கியபடி கைகளைத் தொடைக்கு இறக்கலாம், விருப்பம் உள்ளவர்கள். பிறகு கணுக்காலுக்கு. ஒவ்வொருவரும் எங்கே நின்றாலும் அவர் ஆசனத்தின் நடுவில் நின்றதாகவே ஆகிறது, தோற்று நின்றதாக ஆவதில்லை. நாற்காலியைச் சுவரோரம் ஒட்டிவைப்பது முக்கியம். கூடங்களில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான தரையில் கால் விரிந்து போகும். மடக்கு நாற்காலி எடை மாறினால் மடங்கிக்கொள்ளும்.

ஒருவர் தன் எல்லையைத் தாண்டிவிட்டாரா என்பதைக் கையோ காலோ சொல்வதைவிட முகமும் மூச்சும் முன்னதாகச் சொல்லிவிடும். தாடை இறுகும். கால் விரல்கள் பாயைக் கவ்வும். மூச்சு நின்றிருக்கும், அல்லது வாய் வழியாக வந்துகொண்டிருக்கும். ஆசனத்திலிருந்து வெளியே வரும் விதம் இன்னும் தெளிவான சாட்சி. போன வேகத்திலேயே திரும்பி வருகிறவர் சரியான அளவில் இருந்தார். பொத்தென்று விடுகிறவர் அளவுக்கு மீறி இருந்தார். இதையெல்லாம் முன்னால் நின்று தானும் ஆசனம் செய்துகொண்டிருக்கும் ஆசிரியரால் பார்க்க முடியாது. ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு பாய்களுக்கு நடுவே நடந்தால்தான் தெரியும். ஓர் ஆசனம் ஒரு நிமிடம் நீடிக்கிறது என்றால், எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஏழு விநாடி. பதினைந்து பேர் என்றால் ஆளுக்கு நான்கு விநாடி; அதில் தாடையைப் பார்க்கலாம், மூச்சைக் கேட்க முடியாது. ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரவே அதற்கு மேல் ஆகிறது.

எண்ணிக்கை சொல்வதும் இங்கே ஒரு பொறி. “ஒன்று, இரண்டு, மூன்று” என்று பத்து வரை ஆசிரியர் எண்ணினால், கூடம் முழுக்க அவருடைய நுரையீரல் அளவுக்கு மூச்சுவிட முயலும்; நுரையீரல் சிறியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். மைசூர் அரண்மனையில் 1930களில் இளைஞர்களுக்குக் கற்பித்துப் பின்னர் சென்னைக்கு வந்து 1989இல் மறையும்வரை இங்கே கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில், ஒவ்வோர் அசைவும் ஒரு மூச்சோடு பிணைக்கப்படுகிறது: மூச்சை இழுக்கும்போது கை மேலே, விடும்போது கீழே. அவரும் அவர் மகன் தேசிகாச்சாரும் சென்னையில் கற்பித்தது பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், அந்தந்த உடலுக்கேற்ப மாற்றி. 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தின் அடித்தளமும் அதுவே. கூடத்து வகுப்பு அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு “உங்கள் மூச்சுக்கு நாலு தடவை” என்று சொல்லிவிடலாம். எட்டுப் பேரும் எட்டு நேரத்தில் முடிப்பார்கள். பார்க்க ஒழுங்கில்லாமல் இருக்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் சங்கத் தலைவர் இது என்ன வகுப்பு என்று நினைக்கக்கூடும். அந்த ஒழுங்கின்மை சரியானதுதான்.

தொட்டுத் திருத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் கலப்பு வகுப்பில் அது கேட்டுச் செய்ய வேண்டிய காரியம், ஒவ்வொரு முறையும். கேட்பதற்கே கூச்சமாக இருந்தால் பொருளைக் குறிவைத்துச் சொல்லலாம்: “வலது முழங்கையை அந்த ஜன்னல் பக்கம் நீட்டுங்க” என்றால் கை தானாகப் போய்விடும். குடும்பத் தலைவிகளுக்காகத் தனி வகுப்பு வைப்பவர்கள் காலை பத்தரை மணியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குப் போயாயிற்று. எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி இறங்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மதியச் சமையலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வகுப்பில் விடுமுறைக் காலம் தவிர ஆள் குறைவதே இல்லை.

விட்டுப் போகிறவர்கள் அதிகம் போவது முதல் மாதத்தில். அதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது ஆசிரியர்களின் வழக்கம். உண்மையில் பாதிப் பழி முதல் வகுப்புக்குச் சேரும். பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் வலி அன்றே வருவதில்லை. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும். திங்கள், புதன், வெள்ளி என்று நடக்கும் வகுப்பில் திங்கள் சேர்ந்தவருக்கு வலியின் உச்சம் சரியாகப் புதன்கிழமைக் காலையில் வந்து உட்காரும். மாடிப்படி இறங்கவே முடியாதவர் அன்று எப்படி வருவார்? முதல் இரண்டு வாரம் புதியவருக்குப் பாதி அளவு மட்டும், “போதலையே” என்று அவர் சொல்லும் அளவுக்கு மட்டும் கொடுத்தால் இந்தப் புதன்கிழமையைத் தாண்டிவிடலாம். வருகைப் பதிவேடு இதற்காகத்தான் வேண்டும். தொடர்ந்து இரண்டு வகுப்பு வராதவருக்கு அன்றே ஒரு தொலைபேசி அழைப்பு. மூன்றாவதுக்குப் பிறகு அழைத்தால், வராததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்ற கூச்சமே அவரைத் தடுத்துவிடும்.

அவசர நிலைகளில் அடிக்கடி எதிர்ப்படக்கூடியது சர்க்கரை இறங்குவது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவரோ சில வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவரோ வெறும் வயிற்றில் வந்து பயிற்சி செய்தால், நடுவில் வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். வியர்வை பயிற்சியால் வந்தது என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து. மின்விசிறிக் கீழ் உட்கார்ந்தும் வியர்த்தால் சந்தேகப்பட வேண்டும். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பார்த்து, சரியாகாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். ஆசிரியரின் பையில் ஒரு சின்ன டப்பா சர்க்கரை எப்போதும் இருப்பது அதனால்தான். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் எந்த ஆசனமும் எந்த மூச்சும் வேண்டாம். 108ஐ அழைத்துவிட்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும்.

ஆசிரியரின் உடலும் கணக்கில் உண்டு. தினம் மூன்று வகுப்பில் மூன்று முறையும் எல்லாவற்றையும் செய்து காட்டுகிறவருக்கு ஓராண்டுக்குள் தொடையின் பின்தசையோ மணிக்கட்டோ பழுதாகும். செய்து காட்டுவது ஒருமுறை, ஒரு பக்கம் மட்டும் என்று நிறுத்திக்கொள்வதற்கு இதுவும் காரணம்.

பதினோராவது ஆள் வந்து நிற்கும் நாள் வரும். அவருக்குப் பாய் விரிக்க மூன்றாவது வரிசையை நெருக்குவதைவிட, அதே நாளில் ஏழே காலுக்கு இரண்டாவது வகுப்பு தொடங்குவது நல்லது. பழையவர்களில் நான்கு பேர் அங்கே மாற ஒப்புக்கொண்டால் தொடங்கிவிடலாம். இந்த இரண்டாவது வகுப்புக்குப் பெட்ரோல் செலவு இல்லை, ஆசிரியர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார். கூட வாடகை 1,950, மற்றவை 200. ஆறு பேர் வந்தாலே 7,800 வருகிறது. செலவு போக 5,650. இடைவேளை சேர்த்து மாதம் பதினாறே கால் மணி நேரம் உழைப்பு, மணிக்கு 348 ரூபாய். எட்டுப் பேர் வந்த முதல் வகுப்பைவிட இது மேல். பதினைந்து பேரை ஒரே கூடத்தில் அடைத்துச் சம்பாதிக்க நினைத்ததை, எட்டும் ஏழுமாகப் பிரித்து, யாருடைய மூச்சையும் தவறவிடாமல் பெற இந்த வழி இடம் தருகிறது.

வகுப்பை மூட வேண்டி வந்தால் கடைசியாகப் பார்க்க வேண்டியது அட்டைகளை. பத்துப் பேரிடம் சராசரியாக ஆறு வகுப்பு மீதம் இருக்கிறது என்றால் அது ஆசிரியர் திருப்பித் தர வேண்டிய 6,000 ரூபாய். அட்டை விற்ற அன்றே அந்தப் பணம் முழுவதும் தன்னுடையது என்று செலவழித்துவிட்டவருக்கு இது தாங்க முடியாத தொகையாகத் தெரியும். வகுப்பு நடக்க நடக்க, வகுப்புக்கு நூறாக மட்டும் வேறு கணக்குக்கு மாற்றிக்கொண்டு வந்தவருக்கு, அது வங்கியில் தொடாமல் இருக்கும்.